அளவுக் கானைக் கவிழ்த்துப் பார்த்த பிறகு நம்புங்கள்

கொழும்பில் ஓட்டோ ஓட்டுகிறேன். தினமும் காலையில் ஒரே பெற்றோல் செட்டில்தான் 5 லீற்றர் அடிப்பேன். அங்கே ஒரு பம்ப் குறைத்து ஊற்றுகிறது என்று ஸ்டாண்டில் பேச்சு அடிபட்டது. ஓடும் கிலோமீற்றரை வைத்து என்னால் எதையும் பிடிக்க முடியவில்லை. நூறு மில்லிலீற்றர் குறைந்தாலும் காலி வீதி நெரிசலில் அது தெரியப்போவதில்லை. ஆகவே ஒருநாள் நேரே போய், "அளந்து காட்டுங்கோ" என்று கேட்டேன்.

பம்ப் அடிக்கிற பையன் முகம் சுளிக்காமல் 5 லீற்றர் அளவுக் கானைக் கொண்டுவந்தான். மீற்றரைப் பூச்சியமாக்கி 5.00 வரும்வரை ஊற்றினான். மேலே இருந்து குனிந்து பார்த்து, "சரியாத்தானே இருக்கு அண்ணே" என்றான். நானும் பார்த்தேன், கோட்டிலேயே நின்றது. சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட்டுத் திரும்பினேன். ஏமாந்தது அந்த இடத்தில்தான்.

என் மனைவியின் மாமா பல வருடம் எரிபொருள் பம்ப் திருத்துகிற வேலை செய்தவர். கதையைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, ஊத்த முந்திக் கானைக் கவிழ்த்துக் காட்டினவனோ?" காட்டவில்லை. அடியில் பழைய பெற்றோல் கிடந்திருந்தால், பம்ப் விட்ட குறையை அது நிரப்பிவிடும்.

மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அதே கான்தான் வந்தது. அவர் வாங்கிக் கவிழ்த்தபோது ஒரு கை அள்ளுகிற அளவு பெற்றோல் வெளியே வந்தது. அதற்காகக் கானைத் துடைத்துக் காயவைக்கவும் கூடாதாம். கானின் கோடு நனைந்த சுவரில் ஒட்டி நிற்பதையும் கணக்கில் வைத்துப் போட்டது, உலர்ந்த கானில் நல்ல பம்பும் குறைவாகக் காட்டும். அதனால் முதலில் ஒரு தடவை நிரப்பி நனைத்து, கவிழ்த்து, ஒழுகல் சொட்டாக மாறிய பிறகு 30 வினாடி வடியவிட்டார். அப்புறம் மட்டமான தரையில் நிமிர்த்தி வைத்து, குழாய் முனை கானின் உலோகத்தைத் தொட்டிருக்கும்படி பிடித்து, முழு வேகத்தில் ஊற்றச் சொன்னார். நுரை அடங்கும்வரை காத்திருந்தோம்.

கானின் கழுத்து ஒடுக்கமானது. அதன் கண்ணாடியோரம் நடுவில் 0 கோடு, மேலும் கீழும் 10 மில்லிலீற்றருக்கு ஒரு கோடு. மாமா முழங்காலில் இருந்து, கண்ணைத் திரவத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேற்பரப்பு வளைந்து நிற்கிற இடத்தின் அடிப்பகுதியைப் பார்த்தார். பெற்றோல் 0-க்குக் கீழே ஏழாவது கோட்டில் நின்றது, அதாவது 70 மில்லிலீற்றர் குறைவு. இரண்டாம் தடவை 75, மூன்றாம் தடவை மறுபடி 70. மெதுவாக ஊற்றியபோதும் ஏறக்குறைய அதேதான்.

எவ்வளவு பிழை பொறுக்கப்படும்? சர்வதேச சட்ட அளவியல் அமைப்பின் R 117 பரிந்துரையில் இப்படியான பம்புக்கு 0.5 சதவீதம், கூடவும் குறையவும். 5 லீற்றருக்கு 25 மில்லிலீற்றர், 20 லீற்றருக்கு 100. ஒரு தடவை 30 காட்டினால் பாய்ந்து சண்டைக்குப் போகாதீர்கள், வாசிப்பில் சறுக்கியிருக்கலாம். ஆனால் மூன்று தடவையும் 70 பக்கத்தில் வந்தால் அது கைப்பிழை அல்ல.

மாமா இன்னொன்றையும் காட்டினார். கானின் பக்கவாட்டில் உள்ளே குழிந்த ஒரு நசுங்கல். நசுங்கிய கான் குறைவாகத்தான் கொள்ளும், அதனால் குறைந்த பெற்றோலே கோடு வரை ஏறிவிடும். எங்களுக்குத் தெரிந்த 70-ஐவிட உண்மைக் குறைவு அதிகம் என்று அவர் சொன்னார். அது பிறகு நிரூபணமானது. அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்துக்குப் பம்ப் இலக்கம், திகதி, மூன்று வாசிப்புகள் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். பரிசோதகர் தன்னுடைய 20 லீற்றர் கானால் அளந்தபோது 360 குறைந்தது. 5 லீற்றருக்கு அது 90. எனக்கு மாதம் 26 நாள் என்றால் இரண்டே கால் லீற்றருக்கு மேல் போயிருக்கிறது.

மீற்றர் தேய்ந்ததால் வந்ததென்று செட்டில் சமாளித்தார்கள். தேய்ந்த மீற்றரில் பெற்றோல் அளக்கப்படாமல் கசிந்து போவதால் பெரும்பாலும் வாடிக்கையாளருக்குக் கூடத்தான் வரும் என்றார் மாமா. எல்லா வேகத்திலும் ஒரே அளவு குறைந்தால் மீற்றரின் அளவைச் சரிசெய்யும் இடத்தில் கை வைத்திருப்பதாகவே அவர் கணக்கு. யார் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, அதைச் சொல்லவும் மாட்டேன்.

பம்பைத் திருத்தி, முத்திரை போட்டுத் திரும்பத் திறந்துவிட்டார்கள். கான் மட்டும் அதே நசுங்கிய கான். போன கிழமையும் அதை நீட்டினான். வாங்கிக் கவிழ்த்தேன், மறுபடியும் பெற்றோல் வடிந்தது.