ஆடு பெயரா, வினையா? சொற்பட்டியலைப் பிரிக்க இரு வழிகள்

மரம், எழுது, ஆடு, படி, அடி என்னும் ஐந்து சொற்களைப் பெயர், வினை எனப் பிரிக்கச் சொன்னால், பலர் ஒவ்வொரு சொல்லையும் முதலில் தோன்றும் பொருளைக் கொண்டு ஒரே கட்டத்தில் இட்டுவிடுகிறார்கள். இவ்வழி விரைவானது, ஆனால் ஆடு என்றதும் விலங்கை நினைப்பவரும் நடனத்தை நினைப்பவரும் வெவ்வேறு விடை எழுதுவார்கள், இருவரையும் தவறென்று சொல்ல முடியாது.

மற்றொரு வழி, ஒவ்வொரு சொல்லோடும் 'ஐ' உருபையும், இறந்தகால இடைநிலையோடு கூடிய விகுதியையும் தனித்தனியே சேர்த்துப் பார்ப்பது. மரத்தை என்பது உண்டு, மரம் காலம் ஏற்காது. எழுதினான் உண்டு, 'எழுதை' இல்லை. ஆட்டை, ஆடினான் என இரண்டும் வருவதால் ஆடு இரு கட்டங்களிலும் இடம்பெற வேண்டும். படியை, படித்தான் என்பதும் அவ்வாறே.

நான் இரண்டாம் வழியையே ஏற்கிறேன், எனினும் அடி என்ற சொல்லில் அது போதாது. 'முதுகில் அடி விழுந்தது' என்பதில் வரும் அடி, வினைப்பகுதியே விகுதியின்றிப் பெயராக நின்ற முதனிலைத் தொழிற்பெயர்; 'இரண்டு அடி நீளம்' என்பதில் வருவதோ அளவுப்பெயர். இரண்டுமே அடியை என்றுதான் உருபேற்கும் என்பதால், இவற்றைப் பிரித்தறிய முழு வாக்கியம் தேவைப்படுகிறது.