பிரசவத்துக்கு முன்பா, பின்பா? முரசில் இரத்தம் வரும் கர்ப்பிணி பல் சுத்தம் செய்ய ஏற்ற காலம்

கர்ப்ப காலத்தில் பல் துலக்கும்போது முரசில் இரத்தம் வருவதைக் கண்ட பெண்ணுக்கு இரண்டு வழிகள் சொல்லப்படும். பிள்ளை பிறக்கும்வரை உப்புத் தண்ணீரில் கொப்பளித்துப் பொறுத்திருந்து, பிறகு பல் வைத்தியரிடம் போவது ஒன்று. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே, நடு மூன்று மாதங்களுக்குள் பற்களைச் சுத்தம் செய்வித்துக்கொள்வது மற்றது. வன்னியில் முதல் வழியை வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டாவதைக் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் சொல்வார். நான் ஐந்தாம் மாதத்தில் இரண்டாவது வழியைத் தெரிந்தெடுத்தேன். எனக்குப் பின்னர் கர்ப்பமான என் மச்சாள் முதலாவதைத் தெரிந்தெடுத்தார். இரண்டின் முடிவையும் ஒரே வீட்டில் பார்த்ததால், என் சாய்வு இரண்டாவது பக்கமே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓமோன்கள் முரசுக்கு என்ன செய்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். முரசின் இழையங்களில் ஈஸ்திரோஜனுக்கும் புரோஜெஸ்தரோனுக்கும் உரிய வாங்கிகள் இருக்கின்றன. புரோஜெஸ்தரோன் கூடும்போது அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து இலகுவாகக் கசியத் தொடங்குகின்றன. பல்லோரத்துப் பற்றீரியாக்களில் ஒரு வகை இந்த ஓமோன்களையே தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆனால் ஓமோன் தனியே நின்று முரசை வீங்கச் செய்வதில்லை. பல்லில் ஒட்டியிருக்கும் ஊத்தைக்கு முரசு காட்டும் எதிர்ப்பை அது பல மடங்கு பெரிதாக்குகிறது. பெரியபிள்ளையாகும் வயதுச் சிறுமிகளுக்குச் சிறிதளவு ஊத்தைக்கே முரசு சிவந்து தடிப்பதும் இதனால்தான். அந்த வயதில் ஒழுங்காகத் துலக்கினாலே பெரும்பாலும் அது அடங்கிவிடும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் நிலைமை வேறு: அங்கே ஓமோன் குறைவதுதான் சிக்கல். அதைப் பின்னர் சொல்கிறேன்.

கர்ப்பத்தில் இது எப்படிப் போகும் என்பது நெடுநாளாகவே தெரிந்த விடயம். லோ, சில்னெஸ் என்னும் இருவர் 1963இல் வெளியிட்ட ஆய்வின்படி முரசு அழற்சி இரண்டாம் மாதமளவில் கூடத் தொடங்கி, எட்டாம் மாதத்தில் உச்சத்துக்குப் போய், பிரசவத்தின் பின்னர் தணிந்துவிடுகிறது. பொறுத்திருக்கச் சொல்பவர்களின் வலுவான வாதமே இதுதான்: தானாக அடங்கப்போகும் ஒன்றுக்காக, பிள்ளையைச் சுமந்துகொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய், வாய் திறந்து படுத்திருக்க வேண்டுமா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. முதல் மூன்று மாதங்களில், மசக்கையால் பிரஷை வாயில் வைத்தாலே ஓங்காளிக்கும் நாட்களில், நானும் பொறுத்திருக்கத்தான் சொல்வேன். அந்த நாட்களில் வாந்தி எடுத்த கையோடு பல் துலக்கக் கூடாது. வயிற்றமிலம் பட்டுப் பல்லின் மேற்படையான மிளிரி இளகியிருக்கும். ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்துக் கொப்பளித்துவிட்டு, அரைமணி நேரமாவது கழித்துத் துலக்குவது நல்லது.

ஆனால் தானாக அடங்குவது அழற்சியே தவிர, அதற்குக் காரணமாகப் பல்லில் கல்லாகப் படிந்திருக்கும் காரை அல்ல. என் தெரிவு முழுவதும் இந்த ஒரு புள்ளியில்தான் நின்றது என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

பல்லில் படியும் ஊத்தை மென்மையாக இருக்கும்வரை பிரஷ் அதை எடுத்துவிடும். அதை அப்படியே விட்டால், சில நாட்களிலேயே உமிழ்நீரிலுள்ள கல்சியமும் பொஸ்பேற்றும் அதில் இறங்கி அதைக் கல்லாக்கத் தொடங்கும். கல்லானபின் எந்தப் பிரஷாலும் எந்தப் பற்பொடியாலும் அது போகாது. அது அதிகம் சேரும் இடம் கீழ் முன்பற்களின் உட்பக்கம். நாக்கின் அடியில் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் அங்கேதான் திறக்கிறது. என் வாயிலும் அங்கேதான் இருந்தது: நாக்கு நுனியால் தடவினால் நான்கு பற்களும் தனித்தனியாகப் படாமல், சொரசொரப்பான ஒரே சுவர்போலப் பட்டது. அதன் ஓரத்தில் முரசு கருஞ்சிவப்பாகத் தடித்து, பிரஷ் பட்டவுடன் இரத்தம் கசிந்தது. இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை மெதுவாகத் துலக்க, ஊத்தை மேலும் சேர்ந்தது. கல்லின் மேற்பரப்பு கரடுமுரடானது. புதிய ஊத்தை அதில் உடனே பிடித்துக்கொள்ளும். அதாவது கல் இருக்கும்வரை, எவ்வளவு கவனமாகத் துலக்கினாலும் துலக்குவது முரசைச் சென்று சேராது. கல்லை எடுத்தபின் அதே பிரஷ், அதே இரண்டு நிமிடம், போதுமானதாகிவிடும். எட்டாம் மாத உச்சத்துக்கு முன்னர் இப்படிப் பராமரிக்கக்கூடிய வாயோடு இருப்பதா, பராமரிக்க முடியாத வாயோடு இருப்பதா என்பதே உண்மையான தெரிவு என்று எனக்குப் பட்டது.

எங்கள் பக்கத்தில் பலர் இந்தக் கல்லுக்குக் கிணற்றுத் தண்ணீரின் வன்மையைக் குறை சொல்வதுண்டு. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்ப்பவர்கள் அப்படி நினைப்பது இயல்பே. ஆனால் பல்லில் கல் முதன்மையாக உமிழ்நீரிலிருந்துதான் வருகிறது. வவுனியாப் பக்கம் புளோரைட் கூடிய தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் காணும் பழுப்புக் கறை இன்னொன்று. அது மிளிரிக்குள்ளேயே இருப்பது. சுத்தம் செய்வதால் போகாது, முரசுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பாதுகாப்பைப் பற்றிய கேள்விக்கு, இந்த இரண்டு வழிகளையே நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வொன்று 2006இல் அமெரிக்காவில் வெளிவந்தது. முரசு நோயுள்ள 823 கர்ப்பிணிகளில் ஒரு பகுதியினருக்கு 21ஆம் வாரத்துக்கு முன்னரும் மற்றவர்களுக்குப் பிரசவத்தின் பின்னரும் ஆழமாகச் சுத்தம் செய்தார்கள். முன்னர் செய்தவர்களின் முரசு தெளிவாகத் தேறியது. பிள்ளைகளுக்குத் தீங்கு எதுவும் காணப்படவில்லை. அதேவேளை, குறைமாதப் பிரசவமும் அதனால் குறையவில்லை. சுத்தம் செய்தால் பிள்ளை நிறைமாதத்தில் பிறக்கும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டியதில்லை. இது தாயின் வாய்க்காகச் செய்வது; அந்த அளவில் அது போதிய காரணம்தான்.

செய்முறை பயப்படும்படி இல்லை. பல் வைத்தியர் முதலில் மில்லிமீற்றர் கோடிட்ட மெல்லிய கம்பியால் பல்லுக்கும் முரசுக்கும் இடையிலுள்ள ஆழத்தை அளந்தார். 3 மில்லிமீற்றர் வரை இயல்பு. என் கீழ்ப் பற்களில் 4 இருந்தது. எலும்பு தேய்ந்ததால் அல்ல, முரசு வீங்கி மேலெழுந்ததால் அந்த ஆழம் என்றார். பிறகு தண்ணீர் பீச்சியபடி அதிரும் கருவியால் கல்லை உடைத்து எடுத்தார். அழற்சியுள்ள முரசு என்பதால் இரத்தம் துப்ப வேண்டியிருந்தது; விறைப்பு ஊசி எனக்குத் தேவைப்படவில்லை, தேவைப்பட்டாலும் வழமையாகப் போடும் லிக்னோகெயின் கர்ப்பிணிகளுக்குப் போடக்கூடியதே. மாதம் ஏற ஏற, மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெருநாளத்தை அழுத்தி மயக்கம் வரக்கூடும்; வலது இடுப்பின் கீழ் ஒரு சிறு தலையணை வைத்து இடப்பக்கம் சற்றுச் சரிந்து படுத்தால் அது வராது. எத்தனையாம் மாதம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; தெத்திராசைக்கிளின் போன்ற மருந்துகளை அவர்கள் தவிர்ப்பதற்கு அது உதவும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோனால் இந்தக் கேள்விகளில் பாதி குறைந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் மாமி என் வாயைப் பார்த்துவிட்டு, “பல்லைச் சுரண்டி இடைவெளி விழுத்திப்போட்டாங்கள், பிள்ளை” என்றார். கல் இருந்த இடம் வெறுமையாகியதும், வீக்கம் வற்றியதும் சேர்ந்து பற்களுக்கிடையே இடைவெளி தெரிந்தது உண்மை. குளிர்ந்த தண்ணீர் சில நாட்கள் கூசியது. இரத்தம் வருவது மெல்லக் குறைந்து, இரண்டு வாரமளவில் நின்றது. ஏழாம் எட்டாம் மாதங்களில் எப்போதாவது ஒரு துளி தெரிந்தது, அவ்வளவுதான்.

மச்சாளின் கதையில் எனக்குப் புதிதாக விளங்கியது வேறொன்று. அவர் உப்புத் தண்ணீரும், பின்னர் பார்மசியில் வாங்கிய குளோரெக்சிடின் கொப்பளிப்பு மருந்தும் பாவித்தார். உப்புத் தண்ணீர் நோவைத் தணிக்கும். கொப்பளிப்பு மருந்து புதிய ஊத்தையைத் தடுக்கும், ஆனால் கல்லுக்கு அடியில் போகாது, தேநீர் குடிப்பவரின் பல்லில் பழுப்புக் கறையும் பிடிக்கும். பிரசவத்தின் பின்னர் ஓமோன் இறங்கியதும் அவருக்கு இரத்தம் வருவது தானாகவே குறைந்தது. குறைந்ததும் போகவேண்டும் என்ற நினைப்பும் குறைந்தது. முப்பத்தொன்று கழியும்வரை வெளியே இறங்க முடியாது. அதன்பின் இரவிரவாகப் பால் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையோடு ஏ-9 வீதிக்கு வந்து பஸ் பிடித்து, நம்பர் எடுத்துக் காத்திருக்க வேண்டும். பிள்ளை தவழத் தொடங்கிய பின்னரே போனார். அப்போது சில இடங்களில் 5 மில்லிமீற்றர் ஆழம் இருந்தது. முரசில் பெரிய வீக்கமும் இல்லை. வீக்கமில்லாத ஆழம் என்றால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்த எலும்பு திரும்ப வளராது, இருப்பதைக் காக்கத்தான் முடியும். கர்ப்பத்துக்கு முன்பே அது தொடங்கியிருக்கவும் கூடும். ஆகவே எல்லாப் பழியையும் தள்ளிப்போட்டதன்மேல் போடமாட்டேன்.

தள்ளிப்போட்ட எல்லாருக்கும் அப்படி ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன அதே லோ, 1970 முதல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பல் துலக்கும் வழக்கமே இல்லாத ஆண் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். அவர்களில் நூற்றுக்கு 11 பேரளவில் அழற்சி எலும்புவரை இறங்கவே இல்லை. 8 பேரளவில் மிக வேகமாக இறங்கியது. மற்றவர்கள் இடையில் இருந்தார்கள். நாம் எந்தக் கூட்டத்தில் என்பது முரசில் வரும் இரத்தத்தைப் பார்த்துத் தெரியாது.

மாதவிடாய் நின்றபின் வரும் முரசுச் சிக்கலில் என் அனுபவம் அம்மாவைப் பார்த்த அளவே. அவருக்கு முரசு வீங்கவில்லை; மெலிந்து வெளிறி, வாய் வரண்டு, காரம் பட்டால் எரிந்தது. வெற்றிலை போடுபவர் என்பதால் இரத்தம் கசிந்தாலும் சாறின் சிவப்பில் தெரியாது. அங்கே பிரசவம்போல முடிவு நாள் ஒன்று இல்லை என்பதால், பொறுத்திருப்பது என்ற வழியே கிடையாது. எலும்புத் தேய்வுக்கு மாத்திரை எழுதப்பட்டிருந்தால், பல் பிடுங்குவதற்கு முன்னர் அதைப் பல் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்; அவற்றில் சில தாடை எலும்பு ஆறுவதைத் தடுக்கக்கூடியவை.

கர்ப்பத்தில் பிரசவம்வரை பொறுப்பதே நல்லது என்று நான் ஒப்புக்கொள்ளும் நிலை ஒன்று உண்டு. சிலருக்கு இரண்டு பற்களுக்கு நடுவே, பெரும்பாலும் மேல் முன்முரசில், தொட்டால் இரத்தம் வரும் சிவந்த சதைக் கட்டி ஒன்று முளைக்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் அது புற்றுநோய் அல்ல; கர்ப்ப காலத்தில் வெட்டினால் மீண்டும் வளரக்கூடும், பிரசவத்தின் பின்னர் பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். சாப்பிட முடியாமல் தடுத்தாலோ இரத்தம் நிற்காமல் வந்தாலோ ஒழிய, அதைச் சுற்றியுள்ள காரையை மட்டும் எடுத்துவிட்டுக் கட்டியை விட்டுவைப்பார்கள். பிள்ளை பிறந்து சில மாதங்களாகியும் சுருங்காவிட்டால் அப்போது வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.