ஸ்குவீஸில் இரண்டு வழிகள்: இருபக்க ஆர்டரா, ஸ்ட்ராடிலா?

பொலிஞ்சர் பேண்ட் சுருங்கி கெல்ட்னர் சேனலுக்குள் போய்விட்டால் அதை ஸ்குவீஸ் என்கிறோம். விலை அடங்கிக் கிடக்கிறது, ஒரு கட்டத்தில் நகரும் என்பதைத்தான் அது காட்டும். மேலேயா கீழேயா என்பது அதில் இல்லை. திசையை ஊகிக்காமல் காத்திருக்க இரண்டு வழிகள் உண்டு.

கற்பனைக் கணக்கு ஒன்று பார்ப்போம். ஒரு பங்கு மூன்று வாரமாக 980-க்கும் 1000-க்கும் இடையே ஆடுகிறது, இப்போது விலை 990. முதல் வழியில், ஃபியூச்சரில் 1003-இல் வாங்கவும் 977-இல் விற்கவும் ஸ்டாப் ஆர்டர் போடுகிறோம். ஒன்று நிறைவேறினால் மற்றது ஸ்டாப் லாஸாக நிற்கும். (கேஷில் ஷார்ட்டை மறுநாளுக்குக் கொண்டுபோக முடியாது, அதனால்தான் ஃபியூச்சர்.) இரண்டாவது வழி ஸ்ட்ராடில். 990 கால் 18, புட் 17 என இரண்டையும் 35-க்கு வாங்குகிறோம். எக்ஸ்பைரிக்கு 14 வர்த்தக நாள் இருக்கிறது.

விலை நேராக 1040 போனால் ஆர்டர் வழியில் 37 லாபம். ஸ்ட்ராடிலில் கால் 50-க்கு மேல் போகும், செலவு கழித்தால் 15-க்குச் சற்று அதிகம். இங்கே ஆர்டர்தான் தெளிவாக முந்துகிறது.

ஆனால் ஸ்குவீஸில் பொய் பிரேக்அவுட் சகஜம். 1003-ஐத் தொட்டுவிட்டு 977-க்கு விழுந்து, பிறகு 940 போகிறது என்று வையுங்கள். முதலில் 26 நஷ்டம். 977-இல் இரட்டிப்பு அளவு விற்கும்படி ஆர்டர் வைத்திருந்தால் ஷார்ட்டில் 37 வரும், மிச்சம் 11. ஒரு மடங்குதான் வைத்திருந்தால் 26 நஷ்டத்தோடு வெளியே நிற்போம், உண்மையான நகர்வு கைக்கு வராது. ஸ்ட்ராடிலுக்கோ அந்தப் பொய் அடி ஒரு பொருட்டே இல்லை, இப்போதும் 15-க்கு மேல்தான்.

விலை நகரவே இல்லை என்றால் கணக்கு புரண்டுவிடும். பத்து நாள் 990-இலேயே கிடந்தால் ஆர்டருக்குச் செலவில்லை, ஸ்ட்ராடில் ஏறக்குறையப் பாதியாகக் கரைந்துவிடும்.

பலர் தவறவிடுவது ஒன்று: பேண்ட் அளப்பது நடந்து முடிந்த அசைவை. ஆப்ஷன் பிரீமியத்தில் இருப்பது வரப்போகும் அசைவுக்கான எதிர்பார்ப்பு, அதைத்தான் ஐவி என்கிறோம். காலாண்டு முடிவு நெருங்கும்போது சார்ட் அமைதியாக இருந்தாலும் ஐவி ஏறியிருக்கும். அறிவிப்பு வந்ததும் அது சரியும், பங்கு 3% நகர்ந்தும் ஸ்ட்ராடில் நஷ்டம் தரலாம். அந்தச் சமயத்தில் ஸ்டாப் ஆர்டரும் உதவாது, கேப்பில் 1003-க்குப் போட்டது 1020-இல் நிறைவேறக்கூடும். 2024 ஜூன் 3-ஆம் தேதி நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி, மறுநாள் தேர்தல் முடிவில் கிட்டத்தட்ட 6% விழுந்தது. முதல் நாள் கேப்பில் வாங்கிய ஸ்டாப் ஆர்டருக்கு மறுநாள் என்ன ஆகியிருக்கும் என்று சார்ட்டைத் திறந்து பாருங்கள்.

அதனால் நான் முதலில் ஐவியைத்தான் பார்ப்பேன். நிகழ்வு எதுவும் அருகில் இல்லாமல் ஐவியும் அடங்கியிருந்து, ஸ்ட்ராடில் விலை ஒரு பொய் பிரேக்அவுட்டின் நஷ்டத்தைவிட ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் ஸ்ட்ராடில். பிரீமியம் ஊதியிருந்தும் நிகழ்வு இன்னும் தள்ளி இருந்தால் இருபக்க ஆர்டர், அதுவும் பாதி அளவில். நிகழ்வு நாளைக்கே என்றால் இரண்டுமே வேண்டாம்.