எச்.ஆர். ஜெனரலிஸ்ட் நேர்காணல்: சட்டக் கேள்வியா, சூழல் கேள்வியா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எச்.ஆர். ஜெனரலிஸ்ட் வேலைக்கு நேர்காணல் நடத்துபவர்கள் பொதுவாக இரண்டு வழிகளில் கேட்கிறார்கள். ஒன்று சட்டக் கேள்வி: "குறைதீர்ப்புக் குழுவில் எத்தனை பேர் இருக்க வேண்டும்?" மற்றொன்று சூழல் கேள்வி: "ஒரு தொழிலாளி இப்படி ஒரு புகாரோடு வந்து நிற்கிறார், என்ன செய்வீர்கள்?" முதலாவது கேள்விக்கு ஒரு நிமிடம் போதும், இரண்டாவதற்குக் கால் மணி நேரம் வேண்டும். அதனாலேயே பல இடங்களில் முதலாவதே நிலைத்துவிட்டது.

சட்டக் கேள்விக்கு உள்ள பலம், பதில் சரியா தவறா என்று சட்டென்று தெரிந்துவிடுவது. ஆனால் அந்தப் பலமே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி, 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு வேண்டும், உறுப்பினர் 6 பேருக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று இருந்தது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் 20 என்ற எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, உறுப்பினர் வரம்பு 10 ஆகிவிட்டது. இந்தத் தொகுப்பு 21 நவம்பர் 2025 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய கையேட்டைப் படித்துவிட்டு வருபவர் "6 பேர்" என்றுதான் சொல்வார். அவர் வேலை தெரியாதவர் என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது, எண் பழசாகிவிட்டது என்று மட்டும்தான் தெரிகிறது. "எது மாறியது, எது மாறவில்லை?" என்று கேட்டால்தான் அவர் சட்டத்தைத் தொடர்ந்து பார்த்து வருகிறாரா என்பது புரியும்.

சரி, சூழல் கேள்வியைப் பார்ப்போம். நான் பயன்படுத்த விரும்புவது ஓவர்டைம் புகார் ஒன்று. விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும். அசெம்பிளி லைனில் ஒரு தொழிலாளிக்கு நாள் கூலி 600 ரூபாய், 8 மணி நேர ஷிஃப்ட். சென்ற வாரம் 6 நாளும் இடைவேளை போக 10 மணி நேரம் வேலை செய்திருக்கிறார். பே ஸ்லிப்பில் ஓவர்டைம் 450 ரூபாய் என்று வந்திருக்கிறது. "கணக்கு சரியில்லை சார்" என்று வந்து நிற்கிறார்.

சிலர் உடனே "அவரை அமைதிப்படுத்துவேன், பொறுமையாகக் கேட்பேன்" என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுவார்கள். வேறு சிலர் "முதலில் சூப்பர்வைசரிடம் பேசுவேன்" என்பார்கள். அது ஆபத்தான முதல் அடி. எதையும் சரிபார்ப்பதற்கு முன்பே புகார் கொடுத்தவர் யார் என்று லைனுக்குத் தெரிந்துவிடும், மறுநாள் அவருக்குக் கடினமான ஸ்டேஷன் ஒதுக்கப்படலாம். வேலை தெரிந்தவர் முதலில் நம்மிடமே கேள்வி கேட்பார்: பஞ்ச் பதிவில் என்ன இருக்கிறது, ஓவர்டைம் பதிவேட்டில் என்ன ஏறியிருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகிறதா? அப்புறம் புகாரை எழுத்தில் வாங்கி, பெற்றுக்கொண்டதற்கு அன்றே ஒரு கையெழுத்து போட்டுத் தருவார்.

கணக்கிலும் அவரைக் கண்டுகொள்ளலாம். வாரத்துக்கு 60 மணி நேரம் வேலை. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் நாளுக்கு 9 மணி என்ற வரம்பை மட்டும் பிடித்துக்கொண்டு கழித்தால் 6 மணி நேரம்தான் கூடுதல் என்று வரும். வாரத்துக்கு 48 என்ற வரம்பைக் கழித்தால் 12. அதே சட்டம் இரண்டு வரம்பையும் சொன்னது, எனவே 12 மணி நேரத்துக்கும் தர வேண்டும். ஒரு மணி நேரக் கூலி 75 ரூபாய், ஓவர்டைமுக்கு இரட்டிப்பு, அதாவது 150. மொத்தம் 1,800 ரூபாய் வர வேண்டும். வந்தது 450 என்றால், 6 மணி நேரத்தை ஒற்றைக் கூலியில் போட்டிருக்கிறார்கள், இரண்டு தவறு ஒன்றாக நடந்திருக்கிறது. பாக்கி 1,350 ரூபாய். நல்ல வேட்பாளர் இங்கே நிற்கமாட்டார். அதே லைனில் 40 பேர் அதே ஷிஃப்டில் இருந்தால் வாரத்துக்கு 54,000 ரூபாய் குறைவாகப் போயிருக்கிறது, இது ஒருவருடைய புகார் அல்ல, சம்பள மென்பொருளில் இருக்கும் கோளாறு என்று சொல்வார். இரட்டிப்புக் கூலி, வார வரம்பு, பதிவேடு என்று அத்தனை சட்ட அடிப்படையும் இந்த ஒரு கேள்விக்குள்ளேயே வந்துவிட்டதைக் கவனியுங்கள்.

இதிலேயே ஒரு திருப்பமும் வைக்கலாம். புகார் கொடுத்தவர் ஒரு பெண். பேச்சின் நடுவில், "சூப்பர்வைசர் ராத்திரி போன் பண்றதை நான் எடுக்கறதில்லை, அதனாலதான் என் ஓவர்டைம் ஸ்லிப்பில் கையெழுத்துப் போட மாட்டேங்கறார்" என்கிறார். இந்த இடத்தில் குறைதீர்ப்புக் குழுவின் வேலை வேறு, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 சொல்லும் உள்ளகக் குழுவின் வேலை வேறு என்று வேட்பாளர் பிரித்துப் பார்க்க வேண்டும். பணக் கணக்கு தனியாக நடக்கலாம். துன்புறுத்தல் புகாரை எழுத்தில் கொடுக்க 3 மாத அவகாசம் உண்டு, எழுதுவதற்கு உதவி செய்ய வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். "இருவரையும் கூப்பிட்டுப் பேசித் தீர்த்துவிடுவேன்" என்று பதில் வந்தால் நான் அந்த வேட்பாளரைத் தேர்வு செய்யமாட்டேன், மற்ற பதில்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

சூழல் கேள்விக்கும் பலவீனம் உண்டு. நன்றாகப் பேசத் தெரிந்தவர் தயார் செய்து வைத்த கதையைச் சொல்லி மதிப்பெண் வாங்கிவிடுவார். நேர்காணல் குழுவில் ஒருவர் எட்டு போடுவார், இன்னொருவர் நாலு போடுவார். எல்லா வேட்பாளருக்கும் அதே தாளையே கொடுத்து, எதிர்பார்க்கும் ஐந்தாறு விஷயங்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் இது பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆள் சேர்ப்பு முகாம் பற்றிய கேள்வியில் இந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். "ஆள் எடுக்கும் வழிகள் என்னென்ன?" என்று கேட்டால் கேம்பஸ், வாக்-இன், பரிந்துரை, கன்சல்டன்சி என்று பட்டியல் வரும், அதை வைத்து ஒன்றும் அறிய முடியாது. மாறாக, "ஜூன் 1 அன்று லைனில் 60 டிரெய்னிகள் நிற்க வேண்டும், திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் முகாம் போடலாம்" என்று சொல்லிவிட்டு, வருபவர்களில் மூன்றில் ஒருவர் தேறுவார், ஆஃபர் வாங்கியவர்களில் பாதிப்பேர்தான் சேருவார்கள் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னாலிருந்து கணக்குப் போட்டால் 60 பேர் சேர 120 ஆஃபர், 120 ஆஃபருக்கு 360 பேர் முகாமுக்கு வர வேண்டும். "பாதிப்பேர் ஏன் சேரவில்லை?" என்று அடுத்துக் கேளுங்கள். தங்குமிடம், பேருந்து வழித்தடம், கையில் கிடைக்கும் சம்பளத்தை முகாமிலேயே தெளிவாகச் சொல்லாதது என்று பேச ஆரம்பிப்பவர் முகாம் நடத்தியவர். "இன்னும் நிறைய விளம்பரம் செய்வேன்" என்பவர் நடத்தாதவர்.

எனவே ஒரு மணி நேர நேர்காணல் என்றால் ஓவர்டைம் புகாருக்கு 20 நிமிடம், முகாம் கணக்குக்கு 15 நிமிடம் ஒதுக்குவேன். தனிச் சட்டக் கேள்விகளை மூன்று நான்கோடு நிறுத்தி, சூழலுக்குள் வராத பி.எஃப்., இ.எஸ்.ஐ. மாதிரியானவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி 0.75 சதவீதம், நிறுவனம் 3.25 சதவீதம் என்பது மாதாமாதம் கை பழக வேண்டிய எண், அதை நேராகக் கேட்பதில் தவறில்லை. வேட்பாளராகத் தயாராகிறவர்களும் நேரத்தை இதே அளவில் பிரித்துக்கொள்ளலாம். பழைய பே ஸ்லிப் ஒன்றை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு வரியும் எந்தச் சட்டத்திலிருந்து வந்தது என்று எழுதிப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.