கத்துவதா, காதருகே குனிவதா, எதிரே வந்து நிற்பதா?

என் பெரியப்பாவுக்கு 76 வயது. இரண்டு காதிலும் மிஷின் வைத்திருக்கிறார். போன ஆவணியில் ஒரு கல்யாண மண்டபத்தில், தவில் உச்சத்தில் இருந்த நேரம், அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்று "பெரியப்பா!" என்று இரண்டு முறை கத்தினேன். முன்வரிசையில் நாலு பேர் திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை. சரி என்று தோளைத் தொட்டேன். திடுக்கிட்டதில் கையிலிருந்த காபி பாதி வேட்டியில் கொட்டியது. அன்றிலிருந்து, இரைச்சலில் அவரைக் கூப்பிட்டு வணக்கம் சொல்ல எந்த முறை எடுபடுகிறது என்று கவனித்து வருகிறேன்.

முதலில் கத்துவது. வயதாகும்போது காது பெரும்பாலும் மெல்லிய, உயர்ந்த ஓசைகளைத்தான் முதலில் இழக்கிறது. ச, த, க போன்ற மெய்யெழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. நாம் கத்தும்போது 'ஆ', 'ஓ' மாதிரி உயிரெழுத்துகள்தான் பெருகுகின்றன. அவருக்குச் சத்தம் கூடுகிறது, சொல் தெளிவதில்லை. கத்துகிற முகம் கோபமாகவும் தெரியும், வாயசைவும் கோணலாகிவிடும்.

காதருகே குனிந்து சொல்வது, காது நன்றாகக் கேட்பவரிடம் நல்ல வழிதான். இரைச்சலில் நண்பரைப் பார்த்தால் நானும் அதையே செய்கிறேன். திறந்த வெளியில் தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும், கத்தத் தேவையில்லை. ஆனால் மிஷின் போட்டவரிடம் இதில் இரண்டு தொல்லை. நம் தலையோ கையோ மிஷினை ஒட்டி வந்தால் அது கீச்சென்று விசில் அடிக்கலாம். அதைவிடப் பெரிய நஷ்டம், நம் வாய் அவர் கண்ணிலிருந்து மறைந்துவிடுவது. தெரிந்தோ தெரியாமலோ பெரியப்பா பாதியை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்.

அதனால் என் ஓட்டு எதிரே வந்து நிற்பதற்குத்தான். பக்கவாட்டில் இருந்து அவர் பார்வைக்குள் நடந்து வந்து, மூன்று நான்கு அடி தள்ளி நிற்கிறேன். கையை மெல்ல அசைத்து, அவர் கண் என் முகத்துக்கு வரும் வரை காத்திருக்கிறேன். வந்த பிறகுதான் வாய் திறப்பது. வழக்கமான குரல், கொஞ்சம் நிதானம், அவ்வளவுதான். பலரும் தவறவிடுவது இந்தக் காத்திருப்பைத்தான். கண் வருவதற்குள் சொன்ன முதல் சொல் வீண், மிச்சத்தை அவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

நம் கை கூப்புகிற வழக்கம் இங்கே பெரிய வசதி. காதே தேவையில்லாமல் வணக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கைகளை நெஞ்சளவில் வைத்தால் போதும், முகத்துக்கு நேரே தூக்கினால் வாய் மறையும். வெளிச்சமும் நம் முகத்தில் விழ வேண்டும். மேடை விளக்கையோ ஜன்னலையோ முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் அவருக்குத் தெரிவது இருட்டு முகம்தான்.

அடுத்து, என்ன சொல்வது. "நல்லா இருக்கீங்களா" முழுக்க முழுக்க நாக்கின் வேலை, உதட்டில் அநேகமாக எதுவும் தெரியாது. "வாங்க பெரியப்பா" என்றால் வ, ப இரண்டும் உதட்டில் பளிச்சென்று தெரிகின்றன. அதனால் உறவுமுறையையும் சேர்த்தே கூப்பிடுகிறேன். இதிலும் ஒரு குழி உண்டு. ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடும். "அம்மா வந்திருக்காங்க" என்றேன், "அப்பாவா, எங்கே?" என்று வாசலைப் பார்த்தார். அதையே திரும்பச் சொல்லியும் பயனில்லை. பந்தி பக்கம் கை காட்டி, "உங்க கொழுந்தியா, அதோ" என்று வேறு சொல்லில் சொன்னதும் பிடித்துக்கொண்டார்.

தோளைத் தொடுவதை முற்றிலும் ஒதுக்கவில்லை. பார்வையும் மங்கியவரிடம் கை அசைத்துப் பயனில்லை, முன்பக்கமாக வந்து முழங்கைக்கு மேலே மெதுவாகத் தொடலாம். பிறவியிலேயே கேளாதவர்களிடம் எனக்குப் பழக்கம் குறைவு. சைகை மொழி பேசுபவர்களுக்குள் தோளில் லேசாகத் தட்டிக் கூப்பிடுவது சாதாரணம் என்பதால், பெரியப்பாவை வைத்து அவர்களுக்கும் சேர்த்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்று கை கூப்பினேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கியவர், காபி டம்ளரை முதலில் ஸ்டூலில் வைத்துவிட்டு, "வாடா" என்றார்.