புல்லைக் குறைப்பதா, தூரத்தைக் குறைப்பதா, காற்றை நிறுத்துவதா?

ஊருக்குள் சீராக ஓடும் ஓபன் வேர்ல்டு கேம், புல்வெளிக்குள் போனதும் திணறும். ஜிடிஏ 5-ல் Grass Quality-ஐ Ultra-வில் வைத்து நகரத்தில் மட்டும் சோதித்தால் வித்தியாசம் கண்ணில் படாது. நாட்டுப்புறத்துக்குப் போனால் ஃபிரேம் சட்டென்று விழும். அங்கே எதைக் குறைப்பது?

புல் 100 மீட்டர் வரை தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 70 ஆக்கினால் புல் நிற்கும் பரப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். அடர்த்தியைப் பாதியாக்கினாலும் புல்லின் எண்ணிக்கை அதே அளவுதான் குறையும். ஆனால் இரண்டிலும் மிச்சமாகும் வேலை வேறு வேறு.

தூரத்தைக் குறைத்தால் பிராசசருக்கு நிம்மதி. நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எது கேமராவுக்குள் வருகிறது என்று பார்த்து வரையச் சொல்வது பல கேம்களில் அதன் வேலைதான். சில புதிய எஞ்சின்கள் மட்டும் இதையும் கிராபிக்ஸ் கார்டிடமே விட்டுவிடுகின்றன. தொலைவில் உள்ள புல் திரையில் ஒன்றிரண்டு பிக்சல்தான். கார்டோ பிக்சல்களை நான்கு நான்காகவே கணக்கிடும், அதனால் பாதியோ அதற்கு மேலோ உழைப்பு வீண்.

அடர்த்தி காலடியில் வேலை வைக்கிறது. ஒவ்வொரு புல்கொத்தும் பெரும்பாலும் ஒரு தட்டையான அட்டை. அதில் வெற்றிடமே அதிகம். அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, ஒரே பிக்சலைப் பலமுறை பார்த்து, இங்கே புல் இருக்கிறதா இல்லையா என்று கார்டு முடிவு செய்ய வேண்டும். உயரமான புல்லுக்குள் குனிந்து உட்காரும்போது ஃபிரேம் குறைவது இதனால்தான்.

உங்களுக்கு எது பிரச்சினை என்று கண்டுபிடிப்பது சுலபம். அதே இடத்தில் நின்று ரெசல்யூஷனைக் குறையுங்கள். ஃபிரேம் எகிறினால் சுமை பிக்சலில், அதாவது அடர்த்தியைக் குறைக்கலாம். அசையவே இல்லை என்றால் தூரத்தில் கைவையுங்கள்.

சரி, காற்று? புல்லை ஆட்டும் கணக்கு சின்னதுதான். செலவு நிழலில் ஒளிந்திருக்கிறது. அன்ரியல் 5 கேம் எஞ்சினின் விர்ச்சுவல் ஷேடோ மேப், அசையாத பொருளின் நிழலை ஒருமுறை வரைந்து சேமித்துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும். இலை ஆடினால் அந்தச் சேமிப்பு செல்லாது. ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாக வரைய வேண்டும். காற்றை நிறுத்திப் பார்த்து நிழலுக்கான நேரம் குறைந்தால் காரணம் இதுதான்.

கேம் உருவாக்குபவர்கள் காற்றை மொத்தமாக அணைக்கத் தேவையில்லை. அன்ரியலில் உள்ள World Position Offset Disable Distance என்ற அமைப்பில் ஒரு தூரம் கொடுத்தால், அதற்கு அப்பால் ஆட்டம் நின்றுவிடும். விளையாடுபவர்களுக்கு இப்படி ஒரு வசதி கிடைப்பது அரிது. புல்லின் நிழலை அணைக்கும் தேர்வு இருந்தால் அதை அணைத்தாலே சுமையில் நல்ல பங்கு இறங்கும்.

இரண்டு சுமையும் இருந்தால் நான் முதலில் குறைப்பது தூரத்தை, அப்புறம் புல் நிழலை, கடைசியில்தான் அடர்த்தியை. காலடியில் மண் தெரிந்தால் கண் உடனே பிடித்துவிடும். மலைமேல் நின்று பார்க்கும்போது புல் முடியும் கோடு தெரியும் என்பது தூரத்தைக் குறைப்பதில் உள்ள குறை. அந்தக் கோடு உறுத்தினால் 10 மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.