வழக்கமான வார்ம்-அப்பா, ஸ்வீடனின் 15 நிமிடப் பயிற்சியா?

கால்பந்தில் முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் மோதுவதே இல்லை. குதித்து இறங்கும்போதோ சட்டெனத் திரும்பும்போதோ முழங்கால் அதிகம் மடங்காமல் உள்பக்கம் சரிகிறது; தசைநார் அறுகிறது. இடுப்பெலும்பின் அமைப்பு, ஹார்மோன்கள் ஆகியவற்றுக்கும் பங்கிருக்கலாம். அவற்றை மாற்ற முடியாது, இறங்கும் விதத்தை மாற்றலாம்.

மைதானத்தைச் சுற்றி ஓடி, கால்களை நீட்டி மடக்கும் வழக்கமான வார்ம்-அப் உடலைச் சூடாக்கும், அவ்வளவுதான். முழங்கால் சரிவதை அது தொடுவதே இல்லை.

ஸ்வீடனின் 'க்னேகொன்ட்ரோல்' என்ற 15 நிமிடப் பயிற்சி அதைத்தான் குறிவைக்கிறது. ஒற்றைக்கால் ஸ்குவாட், இடுப்புத் தூக்கல், லஞ்ச், குதித்து இறங்குதல் உட்பட ஆறு பயிற்சிகள், வாரம் இருமுறை. ஒவ்வொன்றையும் செய்யும்போது முழங்கால் பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். என்னைக் கேட்டால் இதன் உயிரே அந்தக் கவனிப்புதான்.

12 முதல் 17 வயதுச் சிறுமிகளிடம் நடத்திய ஆய்வு 2012-இல் வெளியானது: வழக்கம்போல் பயிற்சி செய்த அணிகளைவிட ஏசிஎல் காயம் 64% குறைவு. ஆனால் சீசன் நடுவில் பயிற்சியாளர் இதைக் கைவிட்டால் அந்தப் பலன் கிடைக்காது.